பாலிசி முதிர்வுத் தொகைக்குக் கொடுத்த கேன்சல்டு செக் திரும்பிவிட்டது: கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்தால் போதாதா?

நகரி_தறி
வணக்கம். நாங்கள் ஆந்திர எல்லையில் நகரியில் வசிக்கிறோம். அம்மாவின் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி முதிர்ந்துவிட்டதால், விண்ணப்பத்தில் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் தெளிவாக எழுதி, வீட்டில் இருந்த பழைய ஆந்திரா பேங்க் காசோலை ஒன்றைக் கோடு போட்டு இணைத்திருந்தோம். "பெயர் அச்சிடப்படவில்லை, ஐ.எஃப்.எஸ்.சி. செல்லாது" என்று குறித்து, காப்பீட்டு நிறுவனம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. கணக்கு எண் பாஸ்புக்கில் இன்றும் அதேதான். படிவத்தில் எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகும் இந்தக் காகிதத்தை ஏன் கேட்கிறார்கள்?

சத்தியவேடு_தம்பி
அண்ணா, கையெழுத்தைச் சரிபார்க்கத்தான் கேட்கிறார்கள். எனக்குக் கடன் கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட காசோலைகளையே வாங்கிக்கொண்டார்கள். அம்மாவையும் காசோலையில் கையெழுத்திடச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வார்கள்.

பழைய_கேஷியர்
தம்பி சொல்வது வேறொரு காசோலை. தவணை தவறினால் வங்கியில் போடுவதற்காகக் கடன் கொடுப்பவர் வாங்கி வைக்கும் காசோலையில் கையெழுத்து இருக்கும், ஆனால் குறுக்குக் கோடு இருக்காது. பணத்தை நம் கணக்கில் போடுவதற்காகக் கேட்கும் கேன்சல்டு செக்கில் கையெழுத்தே தேவையில்லை, போடவும் கூடாது.

இனி கேள்விக்கு வருகிறேன். நெஃப்ட் முறையில் பணம் வந்து சேரும்போது, பெறும் வங்கி கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கலாம். பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. படிவத்தில் ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருந்துவிட்டால், பணம் சத்தமில்லாமல் அவரிடம் போய்விடும். அதைத் திரும்பப் பெறுவது அவருடைய மனதைப் பொறுத்தது. அதனால்தான் உங்கள் கையால் எழுதியதை நம்பாமல், பெயர், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. ஆகிய மூன்றும் வங்கியே அச்சிட்ட ஒரே தாளில் இருக்க வேண்டும் என்கிறார்கள். பெயர் இல்லாத காசோலை, அந்தக் கணக்கு யாருடையது என்பதைச் சொல்வதில்லை. அதைத் திருப்பி அனுப்பியது நியாயமே.

இரண்டாவது குறை இணைப்பால் வந்தது. ஆந்திரா பேங்க் 2020 ஏப்ரல் 1 அன்று யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவுடன் இணைந்தது. உங்கள் காசோலையில் ஐ.எஃப்.எஸ்.சி. எண் ANDB என்று தொடங்கும். இப்போது அதே கிளைக்கு UBIN என்று தொடங்கும் எண் இருக்கும். எழுத்து நான்கு, அடுத்து ஒரு பூஜ்யம், பிறகு கிளையைக் குறிக்கும் ஆறு இடங்கள் என்று மொத்தம் பதினொன்று. முதல் நான்கை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள், கிளைக்கான இடங்களும் மாறியிருக்கும்.

கொழிஞ்சாம்பாறை_வாசி
பாலக்காட்டுப் பக்கம் எங்களுக்கும் இது உண்டு. கஞ்சிக்கோட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளத்துக்காகக் கேன்சல்டு செக் கேட்டார்கள். என் கணக்கிற்குக் காசோலைப் புத்தகமே கிடையாது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தை நகலெடுத்து, கிளையில் முத்திரையும் கையொப்பமும் வாங்கிக் கொடுத்தேன்; ஏற்றுக்கொண்டார்கள். வருங்கால வைப்பு நிதிக்கு 2025 ஏப்ரல் முதல் இணையத்தில் விண்ணப்பிக்கும்போது காசோலைப் படத்தை ஏற்றத் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். காப்பீட்டுக்காரர்கள் மட்டும் ஏன் விடவில்லை?

பழைய_கேஷியர்
அங்கே உறுப்பினரின் கணக்கை வங்கி ஏற்கெனவே சரிபார்த்து இணைத்திருக்கும். மற்ற இடங்களில் ஒரு ரூபாய் அனுப்பி, வங்கி திருப்பிச் சொல்லும் பெயரைப் பார்ப்பதும் உண்டு. ஆனாலும் தணிக்கைக்குக் காட்டக் கோப்பில் ஒரு தாள் வேண்டும் என்று சில அலுவலகங்கள் விடாப்பிடியாக இருக்கின்றன. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிகிறது.

நகரிக்காரர் கிளைக்குப் போய், பெயர் அச்சிட்ட புதிய காசோலைப் புத்தகம் வேண்டும் என்று குறிப்பிட்டே கேளுங்கள். காசோலை கிடைத்ததும் குறுக்கே இரண்டு இணைகோடுகள் இழுத்து, நடுவில் கேன்சல்டு என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுங்கள். பெயர், கணக்கு எண், அடியில் உள்ள காந்த மை வரிசை ஆகியவற்றின் மேல் எழுத்து படக்கூடாது. உங்கள் பேனாவால் எழுதுங்கள். முகவர் நீட்டும் பேனாவில் அழியும் மை இருந்து, பிறகு எழுத்தை அழித்துக் காசோலையைப் பயன்படுத்திய மோசடிகள் நடந்திருக்கின்றன.

நகரி_தறி
மிக்க நன்றி ஐயா. இன்னொரு சிக்கல் இருக்கிறது. பாலிசியில் அம்மாவின் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து மட்டும் உள்ளது. வங்கியிலோ ஆதாரைப் பார்த்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி வீட்டுப்பெயரை முழுதாக முன்னால் சேர்த்திருக்கிறார்கள். இதையும் திருப்பி அனுப்புவார்களா?

பழைய_கேஷியர்
அது பார்ப்பவரைப் பொறுத்தது. ஆதார் நகலும், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரமும் வைத்தால் சிலர் ஒப்புக்கொள்வார்கள். சிலர் பாலிசியிலேயே பெயரைத் திருத்தச் சொல்வார்கள். காசோலை வருவதற்குள் காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

சத்தியவேடு_தம்பி
அப்படியானால் நான் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகளைக் கடன் முடிந்ததும் திரும்பக் கேட்கலாமா?

பழைய_கேஷியர்
தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். காசோலை எண்களைக் குறித்து வைத்திருக்கிறீர்களா?