விடைகள் வந்துவிட்டன, வினாத்தாள் வரவில்லை: எப்படித் திருத்துவது?

வெள்ளவத்தை ஆசிரியை: சாதாரண தர மாணவர் ஒருவர் கணிதப் பயிற்சியின் விடைகளை மட்டும் வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். வினாக்கள் பாடசாலையில் கொடுத்த தாளில் இருக்கின்றன. தொலைபேசியிலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு விடை இப்படி இருக்கிறது:

```
x(x − 5) = 24
x² − 5x − 24 = 0
(x − 8)(x + 3) = 0
x = 8
நீளம் 8 m, அகலம் 5 m
```

அகலம் 3 m என்றுதானே வர வேண்டும்? பிழை போடலாமா?

தெஹிவளை: x = 8 என்பதை முதல் வரியில் பிரதியிட்டுப் பாருங்கள். 8 × 3 = 24 சரியாக வருகிறது. ஆகவே கடைசி வரி பிழைதான், தயங்காமல் வெட்டுங்கள்.

கொட்டாஞ்சேனை: எனக்கு உயர்தரப் பல்தேர்வு விடைகள் இப்படி வந்தன. சாதாரண தர விஞ்ஞானம் என்று நினைத்துத் திருத்தத் தொடங்கிவிட்டேன். நடுவில் ஓரிடத்தில் 5 என்ற தெரிவைக் கண்ட பிறகுதான், நான்கு தெரிவுள்ள தாள் இதுவல்ல என்று விளங்கியது. நீங்கள் தெரிவு எண்களைப் பார்த்தீர்களா?

வெள்ளவத்தை ஆசிரியை: இது கட்டமைப்பு வினா, தெரிவுகள் இல்லை.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: பிரதியிடுவது சமன்பாடு சரியாகத் தீர்க்கப்பட்டதை மட்டுமே காட்டும், அந்தச் சமன்பாடு வினாவிலிருந்து சரியாகப் பிறந்ததா என்பதைக் காட்டாது. நீளம் அகலத்தை விட 5 m கூடிய செவ்வகம் என்று வினா இருந்தால், மாணவர் வினாவில் கண்ட 5ஐ அப்படியே அகலமாக எழுதிவிட்டார், அது பிழை. ஆனால் x m பக்கமுள்ள சதுரக் காணியிலிருந்து 5 m அகலமான ஒரு கீற்றை வெட்டிய பின் மீதிப் பரப்பு 24 m² என்று வினா இருந்தால், இதே x(x − 5) = 24 வரும்; அங்கே கீற்றின் நீளம் 8 m, அகலம் 5 m என்பது முற்றிலும் சரி. ஒரே செய்கை, இரண்டு வினாக்கள். மாணவர் x எதைக் குறிக்கிறது என்று எழுதாமல் விட்டதுதான் இங்கே உண்மையான குறை, அதை இப்போதே சுட்டிக்காட்டலாம். காரணியாக்கம் வரை புள்ளி கொடுங்கள், −3ஐ ஏன் விட்டார் என்று ஓரத்தில் கேளுங்கள், கடைசி வரியைப் பென்சிலில் வட்டமிட்டு விட்டுவிடுங்கள்.

தெஹிவளை: கீற்று என்று ஒன்று இருக்கலாம் என எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் வினாவில் கேட்டிருந்தால்தானே 5ஐ எழுதுவார்? கொடுத்த அளவையே விடையாகக் கேட்பார்களா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: கேட்பது அரிது, ஒத்துக்கொள்கிறேன். விடையை முழுமையாக்கவென்று பிள்ளைகள் எழுதுவதுண்டு.

வெள்ளவத்தை ஆசிரியை: அடுத்த விடையில் (x − 2)² = 17 இலிருந்து x = 6.1 என்று முடித்திருக்கிறார். √17ஐ 4.12 எனக் கொண்டால் 6.12 வரும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: முதலாம் தசமதானத்துக்குக் கேட்டிருந்தால் 6.1 சரி. அதையும் வட்டமிடுங்கள்.

வெள்ளவத்தை ஆசிரியை: இப்போதுதான் தாளின் படம் வந்தது. முதலாவது செவ்வகம்தான், நீளம் 5 m கூட, வெட்டிவிட்டேன். இரண்டாவது வினாவின் கடைசி வரி படத்தின் ஓரத்தில் அறுந்திருக்கிறது, 6.1இன் வட்டம் அப்படியே இருக்கிறது.