ஆர்டர் 24,000, கைக்கு வந்தது 10,392

*குழு: நம்ம குடும்பம்*

கவிதா: ஆன்லைன்ல குஷன் விக்கிறேன்ல, போன மாசம் 40 ஆர்டர். ஒண்ணு 600. மொத்தம் 24,000. பேங்க்ல விழுந்தது 10,392 தான். எங்க போச்சு மீதி? யாருக்காவது இந்தக் கணக்கு புரியுமா?

செல்வம் மாமா: கமிஷன் எவ்வளவும்மா?

கவிதா: 12% மாமா.

செல்வம் மாமா: அப்போ 2,880 போக 21,120 வரணும். பாதிக்கு மேல ஆட்டையப் போட்டுட்டான். உடனே கம்ப்ளெயின்ட் போடு.

முரளி: இருங்க மாமா. கமிஷன் ஒண்ணு மட்டும்தான் பிடிப்பாங்கன்னா உங்க கணக்கு சரி. கவிதா, டேஷ்போர்டுல தெரியுற ஆர்டர் மொத்தத்தை வச்சுக்கிட்டு பேங்க் தொகையைப் பார்க்காதே. அது ஆர்டர் வந்த தேதிப்படி இருக்கும். பணம் வர்றது டெலிவரி ஆகி, ரிட்டர்ன் நாள் முடிஞ்ச கணக்குப்படி. செட்டில்மென்ட் ரிப்போர்ட்னு தனி ஃபைல் இருக்கும், பேமென்ட் பக்கத்துல. அதை இறக்கி இங்க போடு.

ராஜி அத்தை: நானும் ஒரு செருப்பு திருப்பி அனுப்பினேன், இன்னும் பணம் வரலை. அதுவும் இந்த ரிப்போர்ட்ல வருமா முரளி?

முரளி: அத்தை, நீங்க வாங்கினவங்க. உங்களுக்கு ஆர்டர் பக்கத்துலயே ரீஃபண்ட் நிலவரம் காட்டும். இது விக்கிறவங்களுக்கான ஃபைல்.

ராஜி அத்தை: சரிப்பா. ஆனா அந்த செருப்பு சைஸே தப்பு.

கவிதா: 📎 settlement.xlsx
அண்ணா, ஒரே ஆர்டர் நம்பர் மூணு நாலு வரியில வருது. தலை சுத்துது.

தீபன்: அக்கா, VLOOKUP போடுங்க, ஒரு செகண்ட்ல வந்துடும்.

முரளி: அதைப் போட்டா தப்பா வரும் தீபா. VLOOKUP முதல் வரியை மட்டும் எடுத்துட்டு நின்னுடும். இங்க விற்பனை ஒரு வரி, கமிஷன் ஒரு வரி, ஷிப்பிங் ஒரு வரி, ரிட்டர்ன் ஆனா அதுக்கு இன்னும் சில வரி. எல்லாத்தையும் கூட்டணும். ஆர்டர் ஷீட்ல A-ல ஆர்டர் நம்பர், Settlement ஷீட்ல A-ல ஆர்டர் நம்பர், D-ல தொகைன்னு வச்சுக்கோ:

```
=SUMIF(Settlement!A:A, A2, Settlement!D:D)
```

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. D முழுசையும் கூட்டிப் பாரு. பேங்க்ல விழுந்த தொகை அப்படியே வரணும். வரலைன்னா ஃபைலே அரைகுறையா இறங்கியிருக்கு, மேல கணக்குப் போட்டு பிரயோஜனமில்ல.

கவிதா: 10,392 வருது!

முரளி: அப்போ சரி. ஃபைலைப் பார்த்துட்டேன். 40-ல 5 ஆர்டர் இந்த ஃபைல்லயே இல்ல. மாசக் கடைசியில வந்தது, ரிட்டர்ன் நாள் முடியலை. அந்த 3,000 எங்கேயும் போகலை, பிடித்தம் போக அடுத்த சுற்றுல வரும்.

மீதி 35. அதுல 2 டெலிவரி ஆகாமலே திரும்பிடுச்சு. 4 வாங்கிட்டுத் திருப்பி அனுப்பியிருக்காங்க. நின்னது 29 தான்.

நின்ன ஒவ்வொண்ணுக்கும் வரி சேர்த்து கமிஷன் 72, நிலையான கட்டணம் 18, ஷிப்பிங் 70. ஆக 160 போக 440. 29-க்கு 12,760.

செல்வம் மாமா: அப்பவும் 10,392-க்கு 2,368 இடிக்குதே. ரிட்டர்னுக்குத்தான் காசு வரலைன்னு விட்டாச்சே, அப்புறம் என்ன பிடித்தம்?

முரளி: அங்கதான் மாமா எல்லாரும் ஏமாறுறாங்க. ரிட்டர்ன்னா பூஜ்யம் இல்ல, மைனஸ். கமிஷன் 72 திரும்பக் குடுத்துட்டாங்க. ஆனா போன ஷிப்பிங் 70-ம் நிலையான கட்டணம் 18-ம் போனது போனதுதான். திரும்பி வர்ற கூரியருக்கு 90 வேற. ஒரு ரிட்டர்னுக்கு 178 நஷ்டம். நாலுக்கு 712.

கவிதா, குஷன் அடக்கம் 300-ன்னா ஒரு விற்பனையில நிக்கிறது 140. அப்போ ஒரு ரிட்டர்ன் ஒரு விற்பனையோட லாபத்தை முழுங்கி மேலயும் 38 கேக்குது. பொருள் அழுக்காகாம வந்தாத்தான் இந்தக் கணக்கும்.

கவிதா: 🥲 மீதி?

முரளி: ஃபைல்ல ரெண்டு ஆர்டர் நம்பர் உன் போன மாச லிஸ்ட்லயே இல்ல பாரு. அது அதுக்கு முந்தின மாச விற்பனை. ரிட்டர்ன் நாளுக்குள்ள கேட்டிருந்தாலும், பணம் வந்த பிறகுதான் ரிட்டர்ன் ஆகியிருக்கு. ஒண்ணுக்கு 618 பிடிச்சிருக்காங்க, ரெண்டுக்கு 1,236.

கவிதா: 600-க்கு வித்ததுக்கு 618-ஆ?

முரளி: 600 வாங்கினவருக்குப் போயிடுச்சு. அதுல கமிஷன் 72 உனக்குத் திரும்பி வருது, ரிட்டர்ன் கூரியர் 90 ஏறுது. அதான் 618. முன்னாடி உனக்கு 440 குடுத்துட்டாங்க. 618-ல 440 கழிச்சா அதே 178. இந்த 178 ஒத்து வரலைன்னாதான் சண்டை போடணும். எல்லா தளத்துலயும் கமிஷன் முழுசா திரும்பாது, சில இடத்துல அதுல ஒரு பங்கை வச்சுக்குவாங்க. உன் கட்டண அட்டவணையை ஒருவாட்டி பாரு.

தீபன்: இன்னும் 420 இருக்கு. "weight adjustment"னு 12 வரி, ஒவ்வொண்ணும் 35. நான் விக்கிற பாட்டிலுக்கு இது வந்ததே இல்லையே. அக்கா, உங்க குஷன் எடை எவ்வளவு?

கவிதா: தராசுல 600 கிராம் தான்! 1 கிலோ ஸ்லாப்ல தான் இருக்கு.

முரளி: பாட்டில் கனம், இடம் கம்மி. குஷன் நேர்மாறு. கூரியர்காரன் தராசு எடை, அளவு எடை ரெண்டுல எது அதிகமோ அதைத்தான் எடுப்பான். நீ லிஸ்டிங்ல போட்டது 28×24×7 செ.மீ. பெருக்கி 5000-ஆல வகுத்தா 0.94 கிலோ. 1 கிலோவுக்குள்ள. கவர்ல அடைச்ச குஷன் வழியில உப்பி உயரம் 9 ஆயிடுச்சுன்னா 1.21. அடுத்த ஸ்லாப் 1.5 கிலோ, 35 கூட. ரெண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். எல்லா பார்சலும் உப்பாததால 12-க்கு மட்டும் வந்திருக்கு. வகுக்கிற எண் சில கூரியர்ல 4000, அப்போ இன்னும் மோசம்.

செல்வம் மாமா: அப்போ 420-ஐ எதிர்த்து எழுதலாம்ல?

முரளி: மெஷின்ல எடுத்த படம் பேனல்ல இருக்கும். அதுல 9 காட்டினா எழுதி பிரயோஜனமில்ல. 7-ன்னு காட்டிட்டு காசு பிடிச்சிருந்தா எழுது. நம்ம பக்கமும் ஆதாரம் வேணும்: பேக் பண்ணின பார்சல், லேபிள் தெரியற மாதிரி, நீளம் அகலம் உயரம் மூணுக்கும் டேப் வச்சு தனித்தனி போட்டோ, தராசு போட்டோ ஒண்ணு. குறை சொல்ல சில நாள்தான் குடுப்பாங்க, கடைசி நாள் அந்த வரியிலயே போட்டிருக்கும். இனிமே கவருக்குப் பதிலா இறுக்கமான அட்டைப்பெட்டி போடு கவி.

கவிதா: பெட்டி விலை ஏறுமே அண்ணா.

முரளி: 35-ஐ விடக் கம்மியா வந்தா போடு. ஆனா உப்பினதுக்கு மட்டும்தான் 35 போகுது, பெட்டி எல்லாத்துக்கும் போகும். எத்தனை உப்புதுன்னு அடுத்த ரிப்போர்ட்ல எண்ணிட்டு முடிவெடு.

தீபன்: டெலிவரி ஆகாத 2-க்கு ஷிப்பிங் பிடிக்கலையா?

செல்வம் மாமா: பிடிப்பாங்கப்பா, கட்டாயம்.

முரளி: இந்த ஃபைல்ல பிடிக்கலை. தளத்துக்குத் தளம் மாறும் மாமா. அடுத்த ஃபைல்ல வருதான்னு பார்த்தாத்தான் தெரியும். கவி, ரிட்டர்ன் போன 6-ல எத்தனை கையில வந்துச்சு?

கவிதா: மொத்தம் 5 கவர்தான் வந்திருக்கு. டிராக்கிங்ல 6-ம் டெலிவர்டுன்னு காட்டுது.

முரளி: அந்த ஒண்ணோட ஆர்டர் நம்பரை எடுத்து இன்னிக்கே க்ளெய்ம் போடு. வந்த அஞ்சையும் பிரிக்கும்போது வீடியோ எடுத்தியா?

கவிதா: ரெண்டுக்கு எடுத்தேன்.

ராஜி அத்தை: முரளி, என் செருப்பு "pickup completed"னு காட்டுது. ஆனா எடுக்க யாரும் வரவே இல்லையே?