28 வாரம், இடுப்பு வலி: வீட்டில் இருக்கும் மூன்று தைலத்தில் எதைத் தேய்க்கலாம்?

கோத்தகிரி மாப்பிள்ளை:
மனைவிக்கு 28 வாரம். படுக்கையில் புரளும்போதும் படி ஏறும்போதும் இடுப்புக்குக் கீழே சுருக்கென்று வலிக்கிறது. ராத்திரியில் இடது கெண்டைக்காலும் இழுக்கிறது. மாமியார் ஊட்டியிலிருந்து நீலகிரித் தைலம் ஒன்றும் விண்டர்கிரீன் தைலம் ஒன்றும் வாங்கி வந்திருக்கிறார். நான் வாங்கிய லாவெண்டர் எண்ணெய் தனியாக இருக்கிறது. மசாஜ் செய்ய ஒரு அம்மா வீட்டுக்கே வருகிறார். பக்கத்துத் தெருவில் அக்குபங்சரும் உண்டு. கையாண்டு பார்த்தவர்கள் எது சரி, எது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தேனி மல்லிகா:
தம்பி, கர்ப்பிணிக்கு எந்த வாசனை எண்ணெயும் ஆகாது. மூன்றையும் பரணில் போடுங்கள். அக்குபங்சர் பக்கமே போகாதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது, அதை அழுத்தினாலே கரு கலைந்துவிடும்.

பிசியோ செல்வி:
மல்லிகா அக்கா சொல்வதில் பாதி சரி. மூன்று பாட்டிலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

முதலில் விண்டர்கிரீன். அந்த எண்ணெய் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். தோலில் தேய்த்தால் அவ்வளவும் உள்ளே போகாது. ஆனால் எவ்வளவு போகும் என்று கணக்குச் சொல்லவும் முடியாது. சூடான ஒத்தடம் வைத்தாலோ, அழுத்தித் தேய்த்தாலோ, துணியால் சுற்றி வைத்தாலோ அதிகம் போகும். கடைசி மூன்று மாதத்தில் இந்த வகை மருந்து கூடுதலாகச் சேர்ந்தால் குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில் பிறந்த பிறகு மூட வேண்டிய ரத்தக்குழாய் முன்னாலேயே சுருங்கலாம். அதனால் அது வேண்டாம். வலி பாம்கள் பலவற்றிலும் இதுதான் இருக்கிறது, அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

நீலகிரித் தைலம் வேறு. தைல மர இலையில் எடுப்பது. மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கும் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால் பயப்பட ஒன்றுமில்லை. அப்படியே தோலில் பூசினால் எரியும், இடுப்பு வலிக்கு அது தேவையும் இல்லை. இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரண்டையுமே எட்டாத இடத்தில் வையுங்கள். கொஞ்சம் குடித்தாலே ஆபத்து.

கடலூர் கார்த்தி:
செல்வி மேடம், என் தங்கைக்கு டாக்டரே தினம் ஆஸ்பிரின் கொடுக்கிறார், பிரஷர் வராமல் இருக்க. அப்படியிருக்க விண்டர்கிரீன் மட்டும் எப்படித் தப்பு?

பிசியோ செல்வி:
கார்த்தி, நல்ல கேள்விதான். அந்த மாத்திரை ஒரு நாளைக்கு 75 முதல் 150 மில்லிகிராம். மேலே சொன்ன ஒரு டீஸ்பூன் 7,000 மில்லிகிராம். மருந்தாக இருப்பதும் விஷமாக இருப்பதும் அளவில்தான். உங்கள் தங்கை அந்த மாத்திரையைச் சாப்பிடும்போது மேலே இந்தத் தைலத்தையும் தேய்த்தால் இரண்டும் கூட்டிக்கொள்ளும், அதையும் சொல்லி வையுங்கள். டைக்ளோஃபினாக் கலந்த வலி ஜெல்லும் இந்த வரிசைதான், கேட்காமல் பூச வேண்டாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் 20 வாரத்துக்கு மேல் இந்த இன வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொன்னது, குழந்தையின் சிறுநீரகமும் பனிக்குட நீரும் பாதிக்கப்படலாம் என்று.

அம்பை ஆச்சி:
பிரசவம் முடிந்து பதினோராம் நாள் நல்லெண்ணெயில் சுக்கும் பூண்டும் காய்ச்சித் தேய்த்து வெந்நீர் ஊற்றினால் இடுப்பு வலி போயிடும். பிள்ளைக்கும் தேய்த்துக் குளிப்பாட்டலாம்.

தேனி மல்லிகா:
ஆச்சி, அவருடைய வீட்டில் இன்னும் பிள்ளை பிறக்கவில்லை.

அம்பை ஆச்சி:
அட, 28 வாரமா. 28 நாள்னு படிச்சுட்டேன். அப்போ வயித்தை யாரும் தடவக் கூடாது, அதை மட்டும் கேட்டுக்கோ.

பிசியோ செல்வி:
ஆச்சி கடைசியில் சொன்னது முக்கியம். குழந்தை குறுக்காக இருக்கிறது என்று எண்ணெய் தடவித் திருப்பும் பழக்கம் இன்னும் சில ஊரில் இருக்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தப்போக்கு ஆகலாம். வெளியிலிருந்து திருப்புவதை மருத்துவமனையிலும் செய்வார்கள்; ஆனால் ஸ்கேன் பார்த்து, குழந்தையின் துடிப்பைக் கவனித்து, உடனே அறுவைக்குத் தயாராக இருந்துகொண்டு செய்வார்கள்.

லாவெண்டர் பற்றி. தொலைவில் வைத்து முகர்வது, குறைந்த அளவில் தோலில் தடவுவது இரண்டிலும் பெரிய கெடுதல் தெரியவில்லை. நான் வைத்துக்கொள்ளும் அளவு ஒரு சதவீதம்: 30 மில்லி நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் 6 சொட்டு. முதலில் முழங்கை உள்பக்கம் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். குளிக்கும் தண்ணீரில் நேராக விடாதீர்கள். எண்ணெய் கரையாது, மேலே மிதந்து தோலில் அப்படியே ஒட்டி எரிச்சல் கொடுக்கும். உள்ளுக்குக் குடிப்பது எந்த எண்ணெயானாலும் வேண்டாம்.

சேலம் ரேவதி:
எனக்கு ஆறாம் மாதத்தில் வாந்திக்கு எலுமிச்சை எண்ணெய் முகரச் சொன்னார்கள். பரவாயில்லாமல் இருந்தது. கன்னத்திலும் கொஞ்சம் தடவிக்கொண்டு வெயிலில் போனேன், கருத்துப் போச்சு. அது எண்ணெயாலா, கர்ப்ப மங்காலா என்று இன்றுவரை தெரியாது.

பிசியோ செல்வி:
இரண்டும் இருக்கலாம் ரேவதி. பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கருக்கும். முகர்ந்தால் அந்தத் தொந்தரவு இல்லை.

நாகர்கோவில் ஜெனி (பி.என்.ஒய்.எஸ்):
அக்குபங்சர் பற்றி மல்லிகா அக்கா சொன்ன அந்தப் புள்ளிக்கு வருகிறேன். பழைய சீன நூல்களின் வழியில் கைப்புள்ளியும், உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே இருக்கும் புள்ளியும் கர்ப்பத்தில் விலக்கு. ஆனால் பரிசோதனைகளில் அந்தப் புள்ளிகளில் குத்தியதால் கரு கலைந்ததாகவோ வலி எடுத்ததாகவோ தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. அக்குபங்சர் செய்யும் எங்களில் சிலர் அதனால் பயப்படுவதில்லை. நான் 37 வாரத்துக்கு முன்னால் தொடுவதில்லை. வேறு புள்ளிகள் போதும் என்னும்போது வம்பு எதற்கு.

நீங்கள் சொல்லும் புரளும்போது, படி ஏறும்போது வரும் வலிக்குத்தான் அக்குபங்சருக்குக் கொஞ்சம் நல்ல ஆதாரம் இருக்கிறது. 2005-ல் ஸ்வீடனில் 386 கர்ப்பிணிகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு வாரம் இரண்டு முறை, ஆறு வாரம் ஊசி போட்ட குழுவுக்கு, வெறும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. உடற்பயிற்சிக் குழுவும் தேறியது.

போனால் மூன்றைப் பாருங்கள். ஊசிப் பொட்டலம் உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. மல்லாந்து படுக்க வைக்கக் கூடாது, பக்கவாட்டில்தான். வெறும் வயிற்றில் போகக் கூடாது, மயக்கம் வரும். இதற்கெல்லாம் மேல் ஒன்று: பக்கத்துத் தெரு அக்குபங்சர் ஊசியா, விரலால் தொட்டுவிட்டு "இரும்பு மாத்திரை, ஸ்கேன் எல்லாம் நிறுத்துங்கள்" என்று சொல்லும் வகையா? பின்னதாக இருந்தால் ஊசியைவிட அந்தப் பேச்சுதான் ஆபத்து. தைராய்டு மாத்திரையை இப்படி நிறுத்திவிட்டு வருகிறவர்களை எங்கள் பக்கம் பார்க்கிறோம்.

கோத்தகிரி மாப்பிள்ளை:
அது தொடு சிகிச்சைதான் என்று இப்போதுதான் விசாரித்தேன். விட்டுவிடுகிறேன். மசாஜ் அம்மா நாளை வருகிறார். என்ன சொல்லி அனுப்ப?

பிசியோ செல்வி:
இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். தலைக்கு ஒரு தலையணை, முட்டியிலிருந்து கணுக்கால்வரை கால்களுக்கு நடுவில் ஒன்று, வயிற்றுக்குக் கீழே மடித்த துண்டு. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும். முதுகெலும்பின் மேல் கை வைக்காமல், இரண்டு பக்கச் சதையில் உள்ளங்கையால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். பிறகு பிட்டத்துக்கு மேலே குழி விழும் இடத்தில் உள்ளங்கையை ஊன்றி மெதுவாக வட்டமாக. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். உங்கள் மனைவி தேய்க்கும்போதே சாதாரணமாகப் பேச முடிந்தால் அழுத்தம் சரி, மூச்சைப் பிடித்தால் அதிகம். முதல் மூன்று மாதத்தில் மசாஜ் செய்தால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆனாலும் பலரும் அப்போது தொடமாட்டார்கள். பழி தன் மேல் வந்துவிடுமே என்ற பயம்தான் பாதி.

காலுக்கு வருவோம். முதல் வரியில் இடது கெண்டைக்கால் இழுக்கிறது என்றீர்கள். ராத்திரி ஒரு நிமிடம் இழுத்துவிட்டுப் போகிறதா, பகலிலும் வலி இருக்கிறதா? முட்டிக்குக் கீழே 10 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு காலையும் தையல் டேப்பால் அளந்து சொல்லுங்கள். அதுவரை காலை யாரும் பிசைய வேண்டாம்.

கோத்தகிரி மாப்பிள்ளை:
அளந்தேன். வலது 34, இடது 36.5. நடந்தாலும் வலிக்கிறதாம், தொட்டால் இடது கொஞ்சம் சூடாக இருக்கிறது. இரண்டு நாளாக வீக்கம். கர்ப்பத்தில் கால் வீங்குவது வழக்கம்தானே?

பிசியோ செல்வி:
வழக்கமான வீக்கம் ஏறக்குறைய இரண்டு காலிலும் வரும். ஒரு கால் மட்டும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல், வலி, சூடு என்றால் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் அது பெரும்பாலும் இடது காலில்தான் வரும். பிசைந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மசாஜ் அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள், அதில் கதிர்வீச்சு கிடையாது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் காத்திருக்காமல் 108.

நாகர்கோவில் ஜெனி (பி.என்.ஒய்.எஸ்):
கட்டி என்று தெரிந்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி தொடங்குவார்கள். அதன் பிறகு அக்குபங்சர் என்றால் அந்த மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம், ரத்தம் கசியும்.

தேனி மல்லிகா:
தம்பி, பைக்கில் போகாதே, கார் பிடி. மருத்துவமனையில் முதல் வார்த்தையாக இடது கால் என்று சொல்லு. தைலம் பற்றி அப்புறம் பேசலாம்.

கோத்தகிரி மாப்பிள்ளை:
டாப்ளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். பிரஷர் 118/76, அது சரி என்றார்கள். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்று ராத்திரி மாமியார் இடது காலில் விண்டர்கிரீன் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாராம்.

பிசியோ செல்வி:
அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எவ்வளவு ஊற்றினார் என்று மாமியாரிடம் போனில் கேட்டு, அளவோடு சொல்லுங்கள்.