பிஎம்எஸ் இருந்தால் 22 ஆம்பியர் கன்ட்ரோலர் போடலாமா?

காலைப்பயணி:
அலுவலகம் 9 கி.மீ. தொலைவில் இருக்கிறது, வழியில் ஒரு மேம்பாலம் உண்டு. என் மிதிவண்டியில் 36 வோல்ட், 250 வாட் பின்சக்கர ஹப் மோட்டாரைப் பொருத்தப் போகிறேன். பேட்டரி 10எஸ் 4பி, அதாவது இணையாகக் கட்டிய நான்கு செல்கள் ஒரு குழு, அப்படிப் பத்துக் குழுக்கள் தொடராக. செல் ஒவ்வொன்றும் 2.6 ஆம்பியர்-மணி. மோட்டாருக்கு மின்னோட்டத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் 15 ஆம்பியரா, 22 ஆம்பியரா என்பதுதான் கேள்வி. "பேட்டரியைக் காக்கும் பலகையான பிஎம்எஸ் இருக்கும்போது எந்தக் கன்ட்ரோலரையும் போடலாம், மிஞ்சினால் அது வெட்டிவிடும்" என்று முறுக்குவிசை வேறோர் இழையில் எழுதியிருந்தார். அதை நம்பலாமா?

மேட்டுவண்டி:
நம்ப வேண்டாம். இந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை இழைகளில்தான் ஒட்டுவார் என்று தெரியவில்லை. 20 ஆம்பியர் என்று அச்சிட்ட பிஎம்எஸ் பலகையின் விவரத்தாளை அவர் ஒரு முறையாவது புரட்டியிருந்தால், அது வெட்டும் வரம்பு பலவற்றில் 40 அல்லது 60 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பார். அது ஷார்ட் சர்க்யூட் போன்ற பெரும் பிழைக்காக வைத்த வரம்பு. நீங்கள் மேம்பாலத்தில் தொடர்ந்து 22 ஆம்பியர் இழுத்தால் அந்தப் பலகை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும், சூடேறுவது செல்கள்தாம்.

முறுக்குவிசை:
வந்துவிட்டார் விவரத்தாள் புலவர். மோட்டாரில் எழுதியிருக்கும் 250 வாட் என்பது உச்சவரம்பு அன்று. உண்மையில் எவ்வளவு இழுப்பது என்பதைக் கன்ட்ரோலர்தான் முடிவு செய்கிறது. ஹப் மோட்டார்கள் சில நிமிடங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கைத் தாங்கும் என்பது இத்துறையில் உள்ள எவருக்கும் தெரியும். நான் 22 ஆம்பியரில்தான் ஓட்டுகிறேன். பிஎம்எஸ் இருக்கிறது. இன்றுவரை எதுவும் எரியவில்லை.

மேட்டுவண்டி:
மோட்டாரைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் மோட்டாரைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டது பேட்டரியைப் பற்றி.

கணக்கைப் போட்டே பார்ப்போம். கேள்வி கேட்டவரின் பேட்டரியில் நான்கு செல்கள் இணையாக இருக்கின்றன. இத்தகைய செல்களில் பலவற்றுக்குத் தொடர்ச்சியான மின்னோட்ட வரம்பு 5.2 ஆம்பியர் அளவில் இருக்கும். 22-ஐ நான்கால் வகுத்தால் செல்லுக்கு 5.5, 15-ஐ வகுத்தால் 3.75. "5.5-க்கும் 5.2-க்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள் என்பது தெரியும். சாலைக் குலுங்கலில், செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையின் ஒரு பற்றவைப்பு விட்டுப்போனால் அந்தக் குழுவில் மூன்று செல்களே மிஞ்சும். அப்போது 22 ஆம்பியர் கன்ட்ரோலரில் செல்லுக்கு 7.3 ஆம்பியர் விழும். 15-இல் சரியாக 5, அதாவது இன்னும் வரம்புக்குள்தான். பிஎம்எஸ் குழுவின் வோல்ட்டேஜைத்தான் பார்க்கிறது, தனிச் செல்லைப் பார்ப்பதில்லை. ஆகவே நான்கில் ஒன்று கழன்றதை அது உடனே அறியாது. மலிவான பலகைகளில் வெப்ப உணரியும் இருப்பதில்லை. செல்லுக்குள் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 15-இலிருந்து 22-க்குப் போவது வெப்பத்தை இரு மடங்குக்கும் மேலாக்குகிறது.

பழஞ்சங்கிலி:
பின்சக்கரம் எதற்கு? என் வண்டியில் முன்சக்கரத்தில்தான் ஹப் மோட்டாரைப் போட்டேன், கியர் எதையும் தொடாமல் வேலை முடிந்தது. ஆனால் அந்தச் சக்கரத்தைப் பிடிக்கும் முன்கவை அலுமினியம். ஒரு நாள் புறப்படும்போது அச்சு சுழன்று, அது உட்காரும் பிளவின் வாயை விரித்து, மோட்டாரின் ஒயரையும் முறுக்கிவிட்டது. அச்சைச் சுழலவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்மைக் கடைக்காரர் கொடுக்கவே இல்லை. முதலில் அதைப் பற்றிப் பேசுங்கள்.

முறுக்குவிசை:
இது கன்ட்ரோலர் இழை, ஐயா. அலுமினிய முன்கவையில் டார்க் ஆர்ம் இல்லாமல் மோட்டாரைப் பூட்டியவர் பாதுகாப்பைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம்.

மேட்டுவண்டி:
அவர் சொல்வதில் தேவையான செய்தி இருக்கிறது: பின்சக்கரமானாலும் டார்க் ஆர்ம் போட வேண்டும், 22 ஆம்பியர் என்றால் கட்டாயம் போட வேண்டும். புறப்படும் நொடியில் அச்சின் மேல் வரும் முறுக்கும் மின்னோட்டத்தோடு சேர்ந்தே ஏறுகிறது. உங்களுக்குப் பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் எவர் மேலாவது பாய்வது உங்கள் வழக்கம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பற்றிய பழைய விவாதத்திலும் இதையே செய்தீர்கள்.

முறுக்குவிசை:
அந்த விவாதத்தில் நீங்கள் பாதியில் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். பிஎம்எஸ் வெட்டும் என்றேன், வெட்டத்தான் செய்கிறது. என் வண்டியே மேட்டில் இரண்டு முறை அணைந்து, பிறகு தானாக உயிர்பெற்றது. பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மேட்டுவண்டி:
அப்போது காட்டியில் பேட்டரி எவ்வளவு என்று காட்டியது?

முறுக்குவிசை:
பாதிக்கு மேல் இருந்தது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மேட்டுவண்டி:
எல்லாத் தொடர்பும் உண்டு. பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும் பேட்டரி மேட்டில் அணைகிறது என்றால், பத்துக் குழுக்களில் ஒன்று மற்றவற்றைவிடத் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சுமை ஏறும்போது அந்த ஒரு குழு மட்டும் 2.8 வோல்ட் போன்ற கீழ்வரம்புக்குச் சரிகிறது. பிஎம்எஸ் உடனே முழுப் பேட்டரியையும் நிறுத்துகிறது. சுமை இறங்கியதும் வோல்ட்டேஜ் எழுந்துவிடுவதால் வண்டி மறுபடி ஓடுகிறது. 22 ஆம்பியரைப் பார்த்து அது வெட்டவில்லை. 22 ஆம்பியர் பலவீனப்படுத்திய குழுவைப் பார்த்து வெட்டியது. குழுக்களின் சார்ஜை அது சமன்செய்யும் மின்னோட்டம் சில பத்து மில்லி ஆம்பியர்தான் என்பதால் அப்படித் தளர்ந்த குழுவைப் பிஎம்எஸ் மீட்டுத் தராது. ஓட்டி முடித்து ஒரு மணி நேரம் கழித்து, சமன்செய்யும் கம்பிகள் சேரும் இணைப்பில் பத்துக் குழுக்களையும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். முனை வழுக்கி இரண்டு ஊசிகளை ஒன்றாகத் தொட்டுவிடக் கூடாது. ஒன்று மட்டும் 0.05 வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட்டரியை இனி வீட்டுக்குள் சார்ஜ் செய்ய வேண்டாம்.

காலைப்பயணி:
15 ஆம்பியரில் மேம்பாலம் ஏறுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள். வண்டியும் நானும் சேர்ந்து 95 கிலோ இருப்போம்.

மேட்டுவண்டி:
தாராளமாக ஏறும். 6 விழுக்காடு சரிவில் மணிக்கு 15 கி.மீ. வேகத்துக்குச் சக்கரத்தில் சுமார் 290 வாட் வேண்டும். நீங்கள் மிதித்து 90 வாட் கொடுத்தால் மோட்டார் 200 கொடுக்க வேண்டும். இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து 8 ஆம்பியர் அளவில்தான் போகும். தூரத்துக்கும் குறைவில்லை: கி.மீ.க்கு 12 வாட்-மணி வைத்தால் போகவர 216. உங்கள் பேட்டரியில் 374 இருக்கிறது. 22 ஆம்பியரால் உங்களுக்குக் கிடைப்பது சிக்னலில் முந்திப் புறப்படும் பெருமை ஒன்றுதான்.

முறுக்குவிசை:
மிதிக்காமல் ஏற வேண்டியவர்களுக்குத்தான் 22. அவ்வளவு அச்சமிருந்தால் கார் உதிரிக் கடையில் கிடைக்கும் தகட்டு ஃப்யூஸ் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது.

மேட்டுவண்டி:
அவற்றில் பெரும்பாலானவை 32 வோல்ட்டுக்கு உரியவை. முழுதாகச் சார்ஜான 36 வோல்ட் பேட்டரி 42 வோல்ட்டில் நிற்கிறது. அந்த ஃப்யூஸ் உருகிய பிறகும் நேர்மின்னோட்டப் பொறி அணையாமல் தொடரக்கூடும். 58 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்று குறிக்கப்பட்ட 20 ஆம்பியர் ஃப்யூஸை வாங்கி, பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே வைக்க வேண்டும். குழுக்களை அளந்தீர்களா, இல்லையா?

முறுக்குவிசை:
ஓடுகிற வண்டியைப் பிரித்து அளக்கும் தேவை எனக்கில்லை. பிஎம்எஸ் இருக்கிறது.

பழஞ்சங்கிலி:
டார்க் ஆர்மை வெளிப்பக்கம் பூட்டுவதா, உள்பக்கமா? இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.