இன்ஸ்டா ஷாப்பா, வெப்சைட் செக்அவுட்டா? கார்ட்டில் போடுறாங்க, பணம் கட்டாம போயிடுறாங்க

கரூர் காட்டன்:
காட்டன் நைட்டி விற்கிறோம், விலை 450. ஆர்டர் எல்லாம் இன்ஸ்டா மெசேஜில்தான். முகவரியை அதிலேயே வாங்கி, ஜிபே ஸ்கிரீன்ஷாட் பார்த்து அனுப்புவோம். ஆர்டர் கூடிவிட்டதால் கையில் எழுதிச் சமாளிக்க முடியவில்லை, போலி ஸ்கிரீன்ஷாட்டும் வருது. வூகாமர்ஸில் வெப்சைட் போட்டு பயோவில் லிங்க் கொடுத்தோம். நிறைய பேர் கார்ட்டில் போடுறாங்க, பணம் கட்டுற இடத்தில் நின்னுடுறாங்க. சிலருக்குப் பணம் பிடிச்சிருக்கு, எங்க பக்கம் ஆர்டர் "Cancelled"னு இருக்கு. பேசாம வெப்சைட்டை விட்டுட்டு இன்ஸ்டா ஷாப்பிலேயே பணம் வாங்கிடலாமா?

லண்டன் மெழுகு:
ஷாப்புக்கே போங்க. நான் டிக்டாக் ஷாப்பில் மெழுகுவர்த்தி போடுறேன். வீடியோ பார்க்கிறவங்க அங்கேயே பணம் கட்டிடுறாங்க, வெளியே போற வேலையே இல்லை. ஒரே குறை, வாங்கினவங்க மெயில் ஐடி நம்ம கைக்கு வராது. அடுத்த சரக்கு வந்தால் சொல்ல வழியில்லை.

கேட்வே கணேசன்:
லண்டன் நண்பரே, இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூனிலேயே தடை. இன்ஸ்டாவிலும் உள்ளேயே பணம் கட்டுற வசதி இந்தியக் கடைகளுக்குக் கிடையாது. இங்கே இன்ஸ்டா ஷாப் என்பது ஷோகேஸ் மட்டும்தான். படத்தில் டேக்கைத் தொட்டால் விலை தெரியும், "View on website" அழுத்தினால் உங்க தளத்துக்கே வந்து நிற்பாங்க. ஆக ஷாப் போட்டாலும் இதே செக்அவுட்டில்தான் மாட்டுவாங்க. முதலில் அதைச் சரிபண்ணணும்.

பயோ லிங்க்கைத் தொட்டால் குரோம் திறக்காது, இன்ஸ்டாவுக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறக்கும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான். லிங்க்கை உங்களுக்கே மெசேஜில் அனுப்பி, இன்ஸ்டாவுக்குள் திறந்து கடைசி வரை ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க. பிறகு அதையே குரோமில் செய்யுங்க. வித்தியாசம் எந்த இடத்தில் வருதுன்னு கண்ணால பார்க்கலாம்.

அப்படியே, பணம் வாங்கித் தர்ற கேட்வேயோட டாஷ்போர்டில் ஆர்டர் நிலையைப் பாருங்க. ரேஸர்பேயா இருந்தால் `created`, `attempted`, `paid` என்று மூணு நிலை. `created`-லேயே நிறைய நின்னால் பணம் கட்டுற பெட்டி திறக்கலை, இல்ல யூபிஐ ஆப்புக்குத் தாவலைன்னு அர்த்தம். `attempted` என்றால் முயற்சி பண்ணி தோத்திருக்கு. `paid` ஆகியும் உங்க பக்கம் ஆர்டர் செத்திருந்தால் தகவல் வந்து சேரலை.

கரூர் காட்டன்:
பார்த்தேன் அண்ணா. பெரும்பகுதி `created`தான். `paid` ஆகி இங்கே Cancelled ஆனதும் சிலது இருக்கு. இன்னொண்ணு, செக்அவுட்டில் கூகுள் லாகின் கட்டாயமா வெச்சிருக்கோம். இன்ஸ்டாவுக்குள் திறந்தால் `disallowed_useragent`னு வருது.

கேட்வே கணேசன்:
அதுதான் முதல் சுவர். ஆப்புக்குள் இருக்கிற பிரவுசரில் கூகுள் தன் லாகினை அனுமதிக்காது. நீங்க என்ன செட்டிங் மாத்தினாலும் திறக்காது. கணக்கு இல்லாமலே வாங்க விடுங்க. வூகாமர்ஸ் செட்டிங்ஸில் "Accounts & Privacy" போய் கெஸ்ட் செக்அவுட்டை டிக் பண்ணுங்க. பெயர், போன், முகவரி, பின்கோடு போதும்.

ரெண்டாவது, பணம் கட்டுற பெட்டி. அது பக்கத்துக்கு மேலே மிதக்கிற மாதிரி இருந்தால் குட்டி பிரவுசரில் சிக்கும். வாங்குறவர் யூபிஐ ஆப்புக்குப் போய்த் திரும்பும்போது பக்கம் புதுசா லோடு ஆகி எல்லாம் போயிடும். தனிப் பக்கமாகத் திறந்து திரும்பி வர்ற மாதிரி வையுங்க. ரேஸர்பே செக்அவுட்டில் அது இந்த ரெண்டு வரி:

```
callback_url: "https://example.com/pay-return",
redirect: true
```

மூணாவது அந்த Cancelled. வூகாமர்ஸில் ஸ்டாக் கணக்கு ஓடினால், பணம் வராத ஆர்டரை 60 நிமிஷத்தில் அதுவே ரத்து பண்ணிடும். "Hold stock" என்ற இடத்தில் அந்த எண் இருக்கும். பணம் கட்டினவர் உங்க பக்கத்துக்குத் திரும்பாம அப்படியே ஆப்பை மூடிட்டால் உங்க தளத்துக்குப் பணம் வந்ததே தெரியாது, ஒரு மணி நேரத்தில் ஆர்டர் காலி. அதுக்குத்தான் வெப்ஹூக். `payment.captured`, `order.paid` ரெண்டையும் ஆன் பண்ணுங்க. வாங்குறவர் திரும்பினாலும் திரும்பாட்டியும் கேட்வேயே தளத்துக்கு நேரா சொல்லிடும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் கட்டுற வேலையும் அதோட ஒழியும்.

பில்லிங் பாஸ்கர்:
இவ்வளவு தலைவலி எதுக்கு? அமேசான், பிளிப்கார்ட் மாதிரி மார்க்கெட்பிளேஸில் போட்டா ஆளும் அவங்களே கொண்டுவருவாங்க, பணமும் அவங்களே வாங்கிக் கொடுப்பாங்க. வெப்சைட்டில் ஒரே லாபம், 40 லட்சம் வரை ஜிஎஸ்டி தேவையில்லை.

தணிக்கை மீனா:
பாஸ்கர், பாதிதான் சரி. 40 லட்சம் வரம்பு தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால்தான். நைட்டி பெங்களூருக்கு ஒரு பார்சல் போனாலும் பதிவு வேணும், சொந்த வெப்சைட்டா இருந்தாலும். மார்க்கெட்பிளேஸிலும் 2023 அக்டோபரிலிருந்து, வரம்புக்குள் இருந்து மாநிலத்துக்குள்ளேயே விற்கிறவங்க பதிவு இல்லாமல் என்ரோல்மென்ட் எண் வாங்கி விற்கலாம். பதிவு பண்ணினவங்களுக்கு அங்கே 0.5% டிசிஎஸ், அதாவது விற்ற பணத்தில் தளமே முன்கூட்டி எடுக்கிற வரி, பிடிப்பாங்க. அது செலவு இல்லை, ரிட்டர்னில் திரும்ப எடுத்துக்கலாம். பணம் கொஞ்ச நாள் முடங்கும், அவ்வளவுதான்.

எது லாபம்னு பார்க்க ஒரு ஆர்டரை மட்டும் பார்க்காதீங்க, ஒரு ஆளைப் பாருங்க. எண்கள் உதாரணத்துக்கு, உங்க பில்லைப் பார்த்து மாத்திக்கோங்க. 450 ரூபாய் நைட்டி, வெப்சைட்டில்: கேட்வே 2%, அதுமேல ஜிஎஸ்டி, ஆக 10.62. கூரியர் 60. நாளுக்கு 500 ரூபாய் விளம்பரத்தில் 5 புது ஆர்டர் வந்தால் தலைக்கு 100. கையில் மிஞ்சுறது 279. மார்க்கெட்பிளேஸில் கமிஷன், ஃபீஸ், ஷிப்பிங் எல்லாம் சேர்ந்து 120 பிடிச்சால் 330. முதல் ஆர்டரில் அவங்கதான் மேல்.

அதே ஆள் திரும்ப வாங்கினால்? வெப்சைட்டில் போன் நம்பர் உங்ககிட்ட இருக்கு, விளம்பரச் செலவு இல்லை, 379 மிஞ்சும். மார்க்கெட்பிளேஸில் அதே 330. ரெண்டாவது ஆர்டரில் ரெண்டும் ஏறக்குறைய சமம், மூணாவதில் வெப்சைட் முந்திடும். நைட்டி திரும்பத் திரும்ப வாங்குற சரக்கு. ஒருத்தர் ஒரே தடவை வாங்குற பொருளா இருந்தால் பாஸ்கர் சொன்னதுதான் என் பதிலும்.

பில்லிங் பாஸ்கர்:
மார்க்கெட்பிளேஸ் பார்சலுக்குள்ளே நம்ம வாட்ஸ்அப் நம்பர் கார்டு வெச்சு இழுத்துக்கலாமே?

தணிக்கை மீனா:
வேண்டாம். பெரிய தளங்களில் அது விதிமீறல், கணக்கையே முடக்கிடுவாங்க.

கேட்வே கணேசன்:
இன்ஸ்டா ஷாப்பை விடவும் வேண்டாம், செக்அவுட் சரியானதும் டேக் போடுங்க. ஒண்ணு கவனிங்க: ஷாப்போட பொருள் பட்டியலான கேட்டலாக்கில் இருக்கிற `id`யும், உங்க தளத்தில் போடுற மெட்டாவோட டிராக்கிங் கோடான பிக்சல் அனுப்புற `content_ids`ஸும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். வூகாமர்ஸ் பிளகின் `wc_post_id_123` மாதிரி ஒண்ணு போடும், நீங்க எக்செல்லில் வெறும் `123`னு ஏத்தியிருந்தால் எந்த நைட்டி விற்றதுன்னு மெட்டாவுக்குத் தெரியாது. எக்செல்லையும் பிளகினையும் சேர்த்து ஓட்டாதீங்க. தளத்தில் விலையை ஏத்திட்டு கேட்டலாக்கில் பழைய விலையை விட்டாலும் பொருளைத் தள்ளிடுவாங்க.

கரூர் காட்டன்:
கூகுள் லாகினை எடுத்துட்டேன், வெப்ஹூக்கும் ஓடுது. ஆண்ட்ராய்டில் இன்ஸ்டாவுக்குள்ளேயே ஆர்டர் முழுசா போகுது. மீனா அக்கா, கணக்கில் கேஷ் ஆன் டெலிவரி வரலையே? எங்க ஆளுங்க பாதி பேர் அதைத்தான் கேட்கிறாங்க.

தணிக்கை மீனா:
அது வந்தால் கணக்கே மாறும். 100 பார்சலில் 20 திரும்பி, போக வர 60, 60 என்றால் 2,400 ரூபாய். அதை டெலிவரியான 80 பேர் மேல் போட்டால் தலைக்கு 30. கூரியர் வாங்குற சிஓடி கட்டணம் தனி.

பில்லிங் பாஸ்கர்:
50 ரூபாய் முன்பணம் வாங்குங்க, சும்மா ஆர்டர் போடுறவன் ஓடிடுவான்.

தணிக்கை மீனா:
நல்ல ஆளும் சிலர் ஓடுவாங்க பாஸ்கர். ரெண்டு வாரம் முன்பணத்தோட, ரெண்டு வாரம் இல்லாம ஓட்டிப் பார்த்து, டெலிவரியான எண்ணிக்கையை இங்கே போடுங்க கரூர். அதுக்கப்புறம் பேசலாம்.