முன்கதையே முடிச்சை அவிழ்த்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

யூடியூபுக்காக ஆறு எபிசோட் வெப் சீரிஸ் எடுக்கிறோம், ஒவ்வொன்றும் 14 நிமிடம். வாரம் ஒன்று. மூன்று வெளியாகிவிட்டது, நான்காவது எடிட்டில் நிற்கிறது.

மூன்றாவதன் முடிவு: இறந்துபோனதாகச் சொன்ன அண்ணனின் பைக் சத்தம் வாசலில் கேட்கிறது, அம்மா தாழ்ப்பாளில் கை வைக்கிறாள், கட். இது நன்றாகவே வேலை செய்தது. சிக்கல் அடுத்ததன் தொடக்கத்தில். வந்திருப்பது அண்ணன் இல்லை, பைக்கை வாங்கியவன். அது புரிய, முதல் எபிசோடில் அப்பா சாவியை யாரிடமோ கொடுக்கும் மூன்று விநாடி ஷாட் நினைவிருக்க வேண்டும். எபிசோட் தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்தில் அதைச் சேர்த்தால், போட்டுக் காட்டிய ஐந்து பேரில் நான்கு பேர் கதவு திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

50 விநாடி முன்கதையை 20 ஆகக் குறைத்தேன். வேறு ஷாட்களுக்கு நடுவே சாவியை ஒளித்தும் பார்த்தேன், இன்னும் துருத்திக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் முன்கதையையே தூக்கிவிட்டு நேராகக் கதவில் தொடங்கினேன். ஒருவருக்கும் சாவி நினைவில்லை, திருப்பம் ஏமாற்று வேலை மாதிரி ஆகிவிட்டது. மறுபடி ஷூட் பண்ணக் காசில்லை, ஆனால் டப்பிங்கில் ஒரு வரி சேர்க்க முடியும்.

சாவியை முன்கதையில் காட்டாமல், கதவு திறந்த பிறகு எந்த இடத்தில் நினைவூட்டுவீர்கள்?