ஆண்டறிக்கையில் நீள வாக்கியங்கள்: முடிவில் உள்ளதா, உள்ளனவா? அவசரம்

செல்வி_மெய்ப்பு
கம்பெனி ஆண்டறிக்கையின் தமிழ்ப் பதிப்பு நாளை அச்சுக்குப் போகிறது, மெய்ப்பு என் கையில். வாக்கியங்கள் ஐந்தாறு வரி ஓடுகின்றன. நடுவில் 'போதிலும்', 'ஆகியவற்றால்', 'உட்பட்டு' என்று வந்து, வினைமுற்றை எட்டும்போது எதைப் பற்றிப் பேச்செடுத்தார்கள் என்பதே மறந்துபோகிறது. உள்ளது, உள்ளன, உள்ளனர் எல்லாம் கலந்து கிடக்கின்றன. பிழைதிருத்தி எதையும் காட்டவில்லை. வேகமாகப் பார்க்க வழி உண்டா?

தேனிக்காரன்
ஒரு வாக்கியமாவது போடுங்க, பார்க்காம எப்படிச் சொல்றது? அப்புறம் இது தமிழிலேயே எழுதினதா, மொழிபெயர்த்ததா? வேர்டுல இருக்கா, பக்க வடிவமைப்பு முடிஞ்சு பிடிஎஃப் ஆயிடுச்சா?

பாண்டியன்_எம்
சுலபம்தாங்க. வாக்கியத்தில் 'ஆகிய' என்று பட்டியல் வந்தால் பன்மை. 'உள்ளன' போட்டுட்டுப் போங்க.

வசந்தி_ஆசிரியை
எங்கள் கூட்டுறவுச் சங்க அறிக்கையிலும் இதே தொல்லைதான். 'கடன் தொகை'க்கு நடுவில் ஒற்று வருமா வராதா என்று ஒவ்வொரு வருடமும் சண்டை. யாராவது சொல்லுங்களேன்.

நாவுக்கரசன்
வசந்தி அம்மா, கேட்டது ஒற்றைப் பற்றி அல்ல, எழுவாய் பயனிலை இயைபைப் பற்றி. பள்ளியில் படித்த திணை, பால், எண், இடம் நினைவிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. ஆண்டறிக்கை எழுத உட்காருகிறவர்கள் முதலில் இலக்கணத்தைத் திருப்பிப் படிப்பது நல்லது.

செல்வி_மெய்ப்பு
மொழிபெயர்ப்புதான். மூன்று வாக்கியம் போடுகிறேன்.

1. நிறுவனத்தின் நெசவுப் பிரிவு, பஞ்சு விலை உயர்வு, மின்தடை, ஏற்றுமதி ஆணைகளில் நேர்ந்த தாமதங்கள் ஆகியவற்றால் முதல் இரண்டு காலாண்டுகளில் பாதிக்கப்பட்டிருந்த போதிலும், மூன்றாம் காலாண்டிலிருந்து மீண்டு, ஆண்டுக்கான விற்பனை இலக்குகளை எட்டியுள்ளன.

2. இயக்குநர் குழு, தணிக்கைக் குழு உறுப்பினர்களின் கருத்துகளைப் பரிசீலித்து, பங்குதாரர்களின் ஒப்புதலுக்கு உட்பட்டு, பங்கு ஒன்றுக்கு ரூ.2 இறுதி ஈவுத்தொகை வழங்கப் பரிந்துரைத்துள்ளனர்.

3. தலைவர் மற்றும் நிர்வாக இயக்குநர், மூத்த அலுவலர்களுடன், புதிய ஆலையைப் பார்வையிட்டனர்.

லதா_பெயர்ப்பு
செல்வி, வாக்கியத்தைத் தலையிலிருந்து படிக்காதீர்கள். வினைமுற்றில் விரலை வைத்து, 'எட்டியது எது?' என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். வேற்றுமை உருபு ஒட்டிய பெயர்களை எல்லாம் தாண்டிவிடலாம்.

முதல் வாக்கியத்தில் 'இலக்குகளை' என்பதில் ஐ இருக்கிறது, தள்ளுங்கள். விலை உயர்வு, மின்தடை, தாமதங்கள் மூன்றும் 'ஆகியவற்றால்' என்ற ஒரே கூடைக்குள் போய்விட்டன, அதில் ஆல் இருக்கிறது, தள்ளுங்கள். காலாண்டுகளில், காலாண்டிலிருந்து, அவையும் போகட்டும். மிஞ்சுவது நெசவுப் பிரிவு ஒன்றுதான். எனவே 'எட்டியுள்ளது'. வினைக்குப் பக்கத்திலேயே 'இலக்குகளை' நிற்பதால் தட்டச்சு செய்தவர் கை தானாகப் பன்மைக்குப் போயிருக்கிறது. பெரும்பாலான பிழை இப்படித்தான் வரும்.

பாண்டியன் சார், நீங்கள் சொன்னது 'ஆகியவை', 'ஆகியன' என்று உருபில்லாமல் நின்றால் சரி. ஆகியவற்றால், ஆகியவற்றை, ஆகியவற்றில் என்று வந்தால் அந்தப் பட்டியல் எழுவாயே அல்ல.

இரண்டாவதில் பரிந்துரைத்தது குழு. 'உறுப்பினர்களின்' நடுவில் நின்று கண்ணைக் குழப்புகிறது. 'குழு பரிந்துரைத்துள்ளது' அல்லது 'குழுவினர் பரிந்துரைத்துள்ளனர்'. எது வைத்தாலும் அறிக்கை முழுக்க அதையே வையுங்கள்.

மூன்றாவதை என்னால் திருத்த முடியாது. உங்கள் கம்பெனியில் தலைவரும் நிர்வாக இயக்குநரும் ஒரே ஆளா, இரண்டு பேரா?

செல்வி_மெய்ப்பு
அது எனக்கு எப்படித் தெரியும் அக்கா? அனுப்பிய கோப்பில் இப்படித்தான் இருக்கிறது.

லதா_பெயர்ப்பு
இயக்குநர் அறிக்கையின் கடைசியில் கையொப்பம் இருக்குமே, அங்கே பாருங்கள். ஒரே பெயருக்குக் கீழே இரண்டு பதவியும் இருந்தால் 'தலைவரும் நிர்வாக இயக்குநருமான திரு. இன்னார், மூத்த அலுவலர்களுடன், பார்வையிட்டார்'. அலுவலர்கள் எத்தனை பேர் போயிருந்தாலும் 'உடன்' வந்ததால் அவர்கள் வினையைத் தொடமாட்டார்கள். இரண்டு பெயர் இருந்தால் 'தலைவரும் நிர்வாக இயக்குநரும் பார்வையிட்டனர்'. 'மற்றும்' போட்டதால்தான் எந்தப் பக்கமும் சாய முடியாமல் நிற்கிறது.

தேனிக்காரன்
வேர்டுல இருந்தா ஒரு வேலை பண்ணுங்க. தேடல் பெட்டியில முற்றுப்புள்ளியோட சேர்த்து `ள்ளன.` னு போடுங்க. புள்ளி இல்லாம போட்டா ள்ளனர் எல்லாம் சேர்ந்து வரும். பன்மையில முடியுற வாக்கியம் மட்டும் ஒவ்வொண்ணா வரும், லதா அக்கா சொன்ன மாதிரி பின்னோக்கிப் பாருங்க. அப்புறம் `ள்ளனர்.`, கடைசியா `ள்ளது.`. 'உயர்ந்தன' மாதிரி முடிவுகளைத் தனியா தேடணும்.

செல்வி_மெய்ப்பு
தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்கிறது. கண் முன்னால் இருக்கிறது!

தேனிக்காரன்
எந்த எழுத்துரு? வானவில், பாமினி மாதிரி பழசா இருந்தா ஒருங்குறியில தட்டித் தேடினா சிக்காது. அந்த எழுத்துருவிலேயே இருக்கிற சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில ஒட்டுங்க. பிழைதிருத்தி ஏன் சும்மா இருந்ததுன்னும் இப்ப புரியுது.

நாவுக்கரசன்
இத்தனை சுற்று வேண்டாம். உருபில்லாத பெயரே எழுவாய். குழு, நிறுவனம், பிரிவு எல்லாம் அஃறிணை ஒருமை. 'ள்ளனர்' அனைத்தையும் 'ள்ளது' என மாற்றிவிடுங்கள்.

லதா_பெயர்ப்பு
ஐயா, மொத்தமாக மாற்றச் சொல்லாதீர்கள். 2013 கம்பெனிகள் சட்டம் 134(5) பிரிவின்படி வருகிற பொறுப்பு அறிக்கையில் சட்டமே 'இயக்குநர்கள்' என்றுதான் பேசுகிறது. அங்கே 'இயக்குநர்கள் கணக்கியல் கொள்கைகளைத் தேர்ந்தெடுத்துள்ளனர்' என்பதே சரி.

உருபில்லாத பெயரே எழுவாய் என்பதும் எல்லா இடத்திலும் நிற்காது. 'நிறுவனம் இரண்டு நூற்பு இயந்திரங்கள் வாங்கியுள்ளது' என்பதில் இயந்திரங்களுக்கு ஐ இல்லை, ஆனாலும் வாங்கியது நிறுவனம். 'நிறுவனத்துக்கு, சென்னைக் கிளை நீங்கலாக, நான்கு கிளைகள் உள்ளன' என்பதில் கு ஒட்டிய நிறுவனம் வினையை ஆளாது, கிளைகள்தான் ஆளும். கேள்வியையும் கேட்க வேண்டும், உருபையும் பார்க்க வேண்டும்.

நாவுக்கரசன்
அவை விதிவிலக்குகள்.

பாண்டியன்_எம்
சரி, இதுக்குச் சொல்லுங்க. 'சமூகப் பொறுப்புப் பணிகளுக்கு ரூ.12 கோடி செலவிடப்பட்டது'. 12 கோடி பன்மைதானே? 'செலவிடப்பட்டன'தானே வரணும்?

தேனிக்காரன்
தொகை மொத்தமா ஒண்ணு. 'பட்டது' தான். செய்தித்தாள்லயும் அப்படித்தான் போடுறாங்க.

நாவுக்கரசன்
செய்தித்தாள் இலக்கணமாகாது. 'ரூபாய்' ஒருமை பன்மை இரண்டுக்கும் பொதுவான அஃறிணைப் பெயர். எண் முன்னால் வந்தால் பன்மை முடிவு கொள்வதில் தவறில்லை.

பாண்டியன்_எம்
அப்ப ரெண்டும் சரியா?

தேனிக்காரன்
'10 கிளை திறக்கப்பட்டன'ன்னா ஒத்துக்கிறேன், கிளையை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம். ரூபாயை யாரும் அங்க எண்ணிக்கிட்டு இல்லையே!

நாவுக்கரசன்
எண்ணாமல் 12 கோடி எங்கிருந்து வந்தது?

வசந்தி_ஆசிரியை
எங்கள் சங்கத்தில் 'ரூ.3 லட்சம் வசூலாகியுள்ளது' என்றுதான் எழுதுவோம். யாரும் குறை சொன்னதில்லை.

செல்வி_மெய்ப்பு
பாமினிதான். ஒட்டித் தேடியதும் வரிசையாக வருகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையொப்பப் பக்கத்தில் ஒரே பெயர்தான், 'பார்வையிட்டார்' போட்டுவிட்டேன். தொகைகளை மூலத்தில் இருக்கிறபடி விட்டுவிடுகிறேன். நன்றி அக்கா, நன்றி தேனி அண்ணா.

லதா_பெயர்ப்பு
தொகை வாக்கியங்களில் பாதி 'பட்டது', பாதி 'பட்டன' என்று இருந்தால் அப்படியே விடாதீர்கள், ஏதாவது ஒன்றாக்குங்கள். அட்டவணைக் குறிப்புகளிலும் ஒரு தடவை தேடிப் பாருங்கள், அவை வேறு கோப்பிலிருந்து வந்திருக்கும்.

பாண்டியன்_எம்
செல்வி, கடைசியில 12 கோடிக்கு எதைப் போட்டீங்க?